தீவனத்தில் கரைந்த கடைசி மருந்து

2013 ஜூலையில் ஷாங்காயின் பெரிய பன்றிப் பண்ணை ஒன்றில் எடுத்த மாதிரியிலிருந்து, சீன ஆய்வாளர்களுக்கு ஓர் இ.கோலை பாக்டீரியா கிடைத்தது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளின் குடலில் வாழும் கிருமிகள் எந்தெந்த மருந்துக்கு அடங்குகின்றன, எதற்கு அடங்கவில்லை என்று கண்காணிப்பது அவர்களுடைய வழக்கமான பணி. சில ஆண்டுகளாகவே ஒரு விஷயம் அவர்களை உறுத்திக்கொண்டிருந்தது. கோலிஸ்டின் என்ற மருந்துக்கு அடங்காத இ.கோலை கிருமிகள் பண்ணைகளில் கூடிக்கொண்டே வந்தன. ஷாங்காய்ப் பன்றியிடம் கிடைத்த கிருமியும் அப்படிப்பட்டதுதான். அதற்கு எஸ்.எச்.பி 45 என்று பெயரிட்டு, வேறொரு சாதாரண இ.கோலையோடு ஒரே குடுவையில் வளர்த்தார்கள். பிறகு பார்த்தால் அந்தச் சாதாரண கிருமியும் கோலிஸ்டினுக்கு அடங்க மறுத்தது.

அதுவரை உலகில் எந்த ஆய்வகமும் இதைக் கண்டதில்லை. கோலிஸ்டினுக்கு எதிர்ப்பு உண்டாவது முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் அந்த எதிர்ப்பு ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியதற்கு முன்னுதாரணம் இல்லை. தெற்குச் சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் லியூ ஜியன்ஹுவா, சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் ஷென் ஜியன்ஜோங் ஆகியோரின் குழுக்கள் செய்த இந்த ஆய்வு, 2015 நவம்பரில் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களை உலகெங்கும் கலங்கவைத்த கட்டுரை அது. ஒரு பன்றியின் குடல் கிருமிக்காக மனித மருத்துவர்கள் ஏன் கலங்க வேண்டும் என்பது புரிய, கோலிஸ்டின் என்ற மருந்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலமாரியிலிருந்து திரும்பி வந்த மருந்து

1940களின் இறுதியில் ஜப்பானில் கொயாமாவும் அவருடைய சகாக்களும், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருளிலிருந்து கோலிஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். 1950களில் அது மருத்துவத்துக்கு வந்தது. இ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினடோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமிகளை அது கொல்லும். இவற்றின் உடலைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச் சவ்வு கொழுப்பால் ஆனது. அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட் முனைகள் நெருக்கமாக அமைந்திருக்கும். கால்சியம், மெக்னீசியம் அயனிகள் அந்த முனைகளுக்கு இடையே இருந்து சவ்வு குலையாமல் பிடித்துக்கொள்கின்றன.

கோலிஸ்டின் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. அது போய் அந்தப் பாஸ்பேட் முனைகளில் ஒட்டிக்கொண்டு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியே தள்ளுகிறது. பிடிமானம் போன சவ்வு கிழிகிறது. மருந்து உள்ளே நுழைந்து அடுத்த சவ்வையும் சிதைக்க, கிருமியின் உள்ளடக்கம் கசிந்து அது சாகிறது. இந்தத் தாக்குதல் முழுக்க மின்னூட்ட ஈர்ப்பை நம்பியே நடக்கிறது. கிருமியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் குறைந்தால் மருந்துக்கு ஒட்டிக்கொள்ள இடம் இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதில் விளங்கும்.

இவ்வளவு வலுவான மருந்து 1970களில் மெல்லக் கைவிடப்பட்டது. காரணம் சிறுநீரகம். கோலிஸ்டின் சிறுநீரக நுண்குழாய்களின் செல்களுக்குள் சேர்ந்து அவற்றைச் சேதப்படுத்தும். மருந்து கொடுத்த சில நாட்களில் கிரியேட்டினின் ஏறும். சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும். நரம்புகளையும் அது பாதிக்கும்; வாயைச் சுற்றி மரத்துப்போவதும் தலைசுற்றலும் வரலாம். சிறுநீரகத்துக்கு இவ்வளவு தீங்கு செய்யாத புதிய ஆன்டிபயாடிக்குகள் அடுத்தடுத்து வந்ததால், கோலிஸ்டின் ஊசி மருத்துவமனை அலமாரியிலேயே கிடந்தது.

அதை மீண்டும் வெளியே எடுக்க வைத்தவை கார்பபெனம் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள். மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம்கள்தான் கடும் தொற்றுகளுக்கு மருத்துவர்கள் நம்பியிருந்த பெரிய ஆயுதம். அவற்றை உடைத்துப்போடும் நொதிகளைக் கிருமிகள் பெறத் தொடங்கின. அந்த நொதிகளில் நாம் நன்கு அறிந்தது என்.டி.எம்-1. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் அது முதலில் கண்டறியப்பட்டது. 2010இல் அதன் பரவலைக் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் சேகரித்த கிருமிகளை அந்த ஆய்வு அலசியது. பெரும்பாலானவை கிட்டத்தட்ட எல்லா மருந்துகளையும் மீறி வளர்ந்தன. டைகிசைக்ளின், கோலிஸ்டின் என்ற இரண்டுக்கு மட்டும் அவை அடங்கின. அந்த ஆய்வில் பங்கேற்ற பிரிட்டன் நுண்ணுயிரியலாளர் திமோதி வால்ஷ், பின்னாளில் ஷாங்காய்ப் பன்றிக் கிருமி பற்றிய கட்டுரையிலும் சக ஆசிரியர்.

ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லா மருந்துக்கும் நேராக எதிர்ப்பு என்று வந்து, கோலிஸ்டினுக்கு நேராக மட்டும் எதிர்ப்பு இல்லை என்று வரும் நிலை இப்படித்தான் நம் மருத்துவமனைகளில் வழக்கமானது. சிறுநீரகம் கெடும் என்று தெரிந்தும் மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் நோயாளி ரத்தத் தொற்றில் இறந்துவிடுவார் என்ற நிலையில் வேறு வழியில்லை.

இரண்டு மில்லிகிராம் என்ற எல்லைக்கோடு

கோலிஸ்டினைப் பொறுத்தவரை நோயைத் தீர்க்கும் அளவுக்கும் உடலைக் கெடுக்கும் அளவுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு. ஊசியாகப் போடுவது கோலிஸ்டினின் செயலற்ற முன்வடிவம். அது உடலுக்குள் போய் மெதுவாகத்தான் கோலிஸ்டினாக மாறும். அதனால் கடும் தொற்றுள்ள பெரியவர்களுக்கு முதல் டோஸாகவே 90 லட்சம் யூனிட் வரை ஏற்றி, பிறகு சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத் தொடர் டோஸ்களை வகுக்கிறார்கள். இவ்வளவும் செய்து எட்ட முயலும் இலக்கு, ரத்தத்தில் லிட்டருக்குச் சராசரியாக 2 மில்லிகிராம் கோலிஸ்டின். அதற்கு மேல் போகப்போகச் சிறுநீரகச் சேதம் வேகமாகக் கூடும்.

ஆய்வகம் ஒரு கிருமியைச் சோதிக்கும்போது, அதன் வளர்ச்சியை நிறுத்த மருந்து குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று அளக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் அடங்கினால் சிகிச்சைக்கு வாய்ப்புண்டு. அதற்கு மேல் என்றால் எதிர்ப்பு. வேறு பல ஆன்டிபயாடிக்குகளில் கிருமி கொஞ்சம் முரண்டு பிடித்தால் டோஸைக் கூட்டிச் சமாளிக்க முடியும். கோலிஸ்டினில் அந்த வசதி கிடையாது. கிருமியின் எதிர்ப்பு ஒரு படி ஏறினாலே மருந்து தோற்றுவிடும். அந்தப் படியை எட்ட மருந்தைக் கூட்டினால் சிறுநீரகம் தோற்றுவிடும்.

ஷாங்காய்க் கிருமியிடமிருந்து எதிர்ப்பைப் பெற்ற சாதாரண இ.கோலைக்கு நடந்தது இதுதான். அதை அடக்கத் தேவைப்பட்ட மருந்தின் அளவு முன்பிருந்ததைப்போல 8 முதல் 16 மடங்காக ஏறியது. இந்த வகை எதிர்ப்புள்ள கிருமிகளுக்குப் பொதுவாக லிட்டருக்கு 4 முதல் 8 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தாங்கும் கிருமிகளைக் கண்ட நுண்ணுயிரியலாளர்களுக்கு இது சிறிய எண். ஆனால் மனித உடல் தாங்கும் எல்லை 2 என்று இருக்கும்போது 4 என்பதே கைக்கு எட்டாத உயரம். ஆய்வாளர்கள் எலிகளின் தொடையில் இந்தக் கிருமியைச் செலுத்திக் கோலிஸ்டின் கொடுத்துப் பார்த்தபோதும், எதிர்ப்பு மரபணு இருந்த கிருமியிடம் மருந்து எடுபடவில்லை.

கைமாறும் துண்டுச்சீட்டு

2015க்கு முன்பு தெரிந்திருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு எல்லாம் கிருமியின் குரோமோசோமில், அதாவது அதன் முதன்மை மரபுத் தொகுப்பில் நிகழும் மாற்றத்தால் வந்தது. உதாரணமாக, கிளெப்சியெல்லாவில் எம்.ஜி.ஆர்-பி என்ற மரபணு உண்டு. மேற்பரப்பின் மின்னூட்டத்தை மாற்றும் ஓர் அமைப்பை அது கட்டுக்குள் வைத்திருக்கிறது. அந்த மரபணு பழுதானால் கட்டு அவிழ்ந்து, கிருமி தன் சவ்வைத் தானே மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பிவிடும். கோலிஸ்டின் சிகிச்சை நடக்கும்போதே ஒரு நோயாளியின் உடலில் இது நிகழலாம். அந்தக் கிருமி பெருகினால் அதன் சந்ததிகளுக்கு அந்த எதிர்ப்பு போகும். பக்கத்தில் வாழும் வேறு கிருமிக்குப் போகாது.

பிளாஸ்மிட் வேறு விதம். அது குரோமோசோமிலிருந்து தனித்து, கிருமிக்குள் சுழலும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையம். ஒரு கிருமி இன்னொன்றோடு ஒட்டி, குழாய்போன்ற இணைப்பை உண்டாக்கி, பிளாஸ்மிட்டின் நகலை அதற்குக் கொடுத்துவிட முடியும். குரோமோசோமில் இருக்கும் எதிர்ப்பு, ஒரு வீட்டுப் பெண்களிடம் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் வரும் சமையல் கைப்பக்குவம் போன்றது. பிளாஸ்மிட்டில் இருப்பதோ செய்முறையை எழுதிய துண்டுச்சீட்டு. அடுத்த வீட்டுக்கும் அடுத்த ஊருக்கும் அது போகும், படித்தவர் எல்லாரும் சமைப்பார்கள். இ.கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்கு, அதிலிருந்து சால்மொனெல்லாவுக்கு என்று இனம் தாண்டியும் பிளாஸ்மிட்டுகள் போகின்றன.

ஷாங்காய்க் கிருமியின் பிளாஸ்மிட்டில் இருந்த மரபணுவுக்கு எம்.சி.ஆர்-1 என்று பெயர். அது ஒரு நொதியை உண்டாக்கும் குறிப்பு. அந்த நொதி, கிருமியின் வெளிச் சவ்வில் உள்ள பாஸ்பேட் முனைமீது பாஸ்போஎத்தனாலமின் என்ற ஒரு சிறு மூலக்கூறை ஒட்டவைக்கிறது. அப்போது அந்த முனையின் எதிர்மின்னூட்டம் குறைகிறது. கோலிஸ்டின் வந்தாலும் போதிய ஈர்ப்பு இல்லாமல் நழுவிப்போகிறது. ஒரே ஒரு மரபணு, ஒரே ஒரு வேதிமாற்றம். கடைசி மருந்தைத் தோற்கடிக்க இவ்வளவு போதும். ஆய்வகத்தில் அந்தப் பிளாஸ்மிட் மிகச் சுலபமாகக் கைமாறியது. ஆயிரம் கிருமிகளில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று வரை அதைப் பெற்றுக்கொண்டன. நுண்ணுயிர் உலகில் இது மிக அதிகமான வேகம்.

கட்டுரை வெளியானதும் உலகெங்கும் ஆய்வகங்கள் தங்கள் சேமிப்பில் இருந்த கிருமிகளையும் மரபணுப் பதிவுகளையும் புரட்டத் தொடங்கின. சில வாரங்களுக்குள் டென்மார்க்கில் ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியிலும், இறக்குமதியான கோழி இறைச்சியிலும் எம்.சி.ஆர்-1 இருப்பது தெரிந்தது. பிறகு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று எல்லாக் கண்டங்களிலிருந்தும் செய்தி வந்தது. சீனாவில் 1980களில் கோழிகளிடமிருந்து எடுத்துப் பாதுகாத்த கிருமிகளில்கூட அது இருந்தது. பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் பயணம் செய்த மரபணுவைத்தான் 2015இல் மனிதர்கள் அடையாளம் கண்டார்கள். எம்.சி.ஆர்-1 முதல் 10 வரை, இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் இதுவரை கண்டறியப்பட்டிருக்கிறார்கள்.

தீவன மூட்டையில் பிறந்த ஆபத்து

முதல் கட்டுரையில் இருந்த மூன்று எண்கள் இந்த மரபணு எங்கிருந்து எங்கே போனது என்பதைக் காட்டுகின்றன. 2011 முதல் 2014 வரை சேகரித்த மாதிரிகளில், பண்ணை விலங்குகளின் இ.கோலையில் 100க்கு 21இல் எம்.சி.ஆர்-1 இருந்தது. கடைகளில் வாங்கிய பச்சை இறைச்சியில் 100க்கு 15. மருத்துவமனை நோயாளிகளிடம் 100க்கு 1. அப்போது சீன மருத்துவமனைகளில் கோலிஸ்டின் ஊசி பெரும்பாலும் பழக்கத்திலேயே இல்லை. ஆகவே நோயாளிக்குக் கொடுத்த மருந்தால் இந்த எதிர்ப்பு பிறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மனிதர்கள் கைவிட்ட பிறகும் கோலிஸ்டினுக்குப் பண்ணைகளில் பெரும் சந்தை இருந்தது. விலை குறைவு. வாய்வழியே கொடுத்தால் அது குடலிலிருந்து ரத்தத்துக்கு அதிகம் போகாது; குடலுக்குள்ளேயே தங்கிக் கிருமிகளைத் தாக்கும். பால்குடி மறக்கும் பருவத்தில் பன்றிக்குட்டிகளுக்கு வரும் கழிச்சலை அடக்க அது பயன்பட்டது. இதற்கு மேலாக, நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் சீக்கிரம் எடை கூடட்டும் என்று சிறு அளவில் நாள்தோறும் தீவனத்தில் கலந்தார்கள். குடலில் வாழும் கோடிக்கணக்கான கிருமிகள் தினமும் சிறிது கோலிஸ்டினைச் சந்தித்தன. அடங்கியவை செத்தன, எம்.சி.ஆர் பிளாஸ்மிட் வைத்திருந்தவை பிழைத்துப் பெருகின. ரத்தத்துக்குப் போகாத மருந்து சாணத்தோடு வெளியேறி மண்ணிலும் நீரிலும் கலந்தது. சீனாவின் ஷான்டாங் மாகாணக் கோழிப் பண்ணைகளைச் சுற்றி நடந்த ஓர் ஆய்வு, பண்ணை நாய்களிடமும் ஈக்களிடமும் பறவைகளிடமும் என்.டி.எம் வகைக் கிருமிகள் இருப்பதைக் காட்டியது. அதே கோழி உற்பத்திச் சங்கிலியில் எம்.சி.ஆர்-1 மரபணுவும் இருந்தது.

இந்தச் சேர்க்கைதான் உண்மையான அபாயம். எம்.சி.ஆர்-1 மட்டும் உள்ள கிருமியை மற்ற மருந்துகளால் அடக்கிவிடலாம். 2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒரு பெண்ணிடம் எம்.சி.ஆர்-1 உள்ள இ.கோலை கிடைத்தபோது உலகச் செய்திகள் பரபரத்தன. ஆனால் அந்தக் கிருமி கார்பபெனம்களுக்கு அடங்கக்கூடியதாகவே இருந்தது. என்.டி.எம் மரபணு ஏற்கெனவே உள்ள கிளெப்சியெல்லா ஒன்று எம்.சி.ஆர் பிளாஸ்மிட்டையும் பெற்றுக்கொண்டால் கதை வேறு. இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் கிருமிகள் பல நாடுகளில் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளன. என்.டி.எம் பரவலாக உள்ள நம் நாட்டுக்கு இந்தக் கவலை மற்றவர்களைவிட அதிகம்.

தடை என்ன செய்தது

2016இல் சீன வேளாண் அமைச்சகம், வளர்ச்சிக்காகக் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதைத் தடைசெய்வதாக அறிவித்தது. 2017 ஏப்ரல் இறுதியில் தடை நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே மிகப் பெரிய அளவில் கோலிஸ்டின் தயாரித்த நாடு அது. 2015இல் 27,170 டன்னாக இருந்த சீனாவின் கோலிஸ்டின் சல்பேட் உற்பத்தி, 2018இல் 2,497 டன்னாக இறங்கியது.

பிளாஸ்மிட்டில் ஏறிய எதிர்ப்பு திரும்பி இறங்காது என்று நினைத்தவர்கள் உண்டு. அடுத்து வந்த அளவீடுகள் வேறு செய்தி சொன்னன. பன்றிகளின் மலத்திலிருந்து எடுத்த மாதிரிகளில் எம்.சி.ஆர்-1 உள்ள இ.கோலை 100க்கு 34 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தது. கோழிகளில் 18 என்பது 5 ஆனது. நோயில்லாத மனிதர்களின் குடலில் 2016இல் 100 பேருக்கு 14 பேரிடம் இருந்தது, 2019இல் 6 பேரிடம் மட்டுமே இருந்தது. மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம்.

இதற்கு உயிரியல் காரணம் உண்டு. எம்.சி.ஆர்-1 கிருமிக்கு இலவசமாக வரவில்லை. தன் சவ்வின் இயல்பான அமைப்பை மாற்றிக்கொள்வதால் கிருமியின் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது; அந்த நொதி அளவு மீறி உற்பத்தியானால் சவ்வே பலவீனமாகிறது. கோலிஸ்டின் சூழ இருக்கும்போது அந்தச் சுமையைத் தாங்குவது கிருமிக்கு லாபம். மருந்து இல்லாத இடத்தில் சுமை மட்டும் மிஞ்சுகிறது. சுமையில்லாத கிருமிகள் முந்திக்கொண்டு வளர்கின்றன. ஆனாலும் எண்கள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மனிதர்களுக்கு நோய் உண்டாக்கிய இ.கோலையில் எம்.சி.ஆர்-1இன் பங்கு முன்பே சிறியது. தடைக்குப் பிறகும் அதில் பெரிய மாற்றம் தென்படவில்லை. மருந்தை மறுபடி தீவனத்தில் கொட்டினால் மிச்சமிருப்பவை மீண்டும் பெருகும்.

இந்தியாவில் 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் அரசாணை வெளியிட்டது. உணவுக்கான விலங்குகள், கோழிப் பண்ணை, மீன் இறால் வளர்ப்பு, தீவனக் கலவை ஆகியவற்றுக்காகக் கோலிஸ்டினைத் தயாரிப்பதும் விற்பதும் விநியோகிப்பதும் அன்றிலிருந்து தடை. வளர்ச்சிக்காகக் கலப்பதை மட்டும் தடுத்த சீன ஆணையைவிட இது விரிவானது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இந்திய உணவு மாதிரிகளிலிருந்து எடுத்த இ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகளில் குரோமோசோம் வழி, பிளாஸ்மிட் வழி என இரு வகைக் கோலிஸ்டின் எதிர்ப்பும் காணப்பட்டது. சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் தலைமையில் நடந்த ஆய்வு அது.

நம் மருத்துவமனைகளின் கணக்கு வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்திய ஐ.சி.யூ.க்களில் கோலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லாவில் இன்று பெரும்பாலும் காணப்படுவது எம்.சி.ஆர் அல்ல; முன்பு சொன்ன எம்.ஜி.ஆர்-பி மரபணுப் பழுதுதான். இது மருத்துவமனைக்குள் நாம் கோலிஸ்டினை அதிகம் பயன்படுத்துவதால் தேர்ந்தெடுக்கப்படும் எதிர்ப்பு. கை கழுவாத பணியாளர், சரியாகச் சுத்தம் செய்யாத கருவி, நெருக்கமான படுக்கைகள் வழியே அந்தக் கிருமியின் வாரிசுகள் அடுத்த நோயாளிக்குப் போகின்றன. தீவனத் தடையால் மட்டும் இது குறையாது. பண்ணையிலிருந்து வரும் பிளாஸ்மிட், வார்டுக்குள் பிறக்கும் மரபணுப் பழுது என்று இரண்டு வாசல்களையும் அடைக்க வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

எந்தக் கிருமிக்கு எதிர்ப்பு உண்டு என்று கண்டுபிடிப்பதிலேயே சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வகங்கள் ஆன்டிபயாடிக் எதிர்ப்பை டிஸ்க் முறையில் பார்க்கின்றன. கிருமி பூசிய அகார் தட்டில் மருந்து தோய்ந்த சிறு வில்லையை வைத்து, அதைச் சுற்றி எவ்வளவு தூரம் கிருமி வளரவில்லை என்று அளப்பார்கள். கோலிஸ்டின் மூலக்கூறு பெரியது. அகாரில் சரியாகப் பரவாது. அதனால் எதிர்ப்புள்ள கிருமியும் அடங்கியதுபோலத் தெரியலாம். சில தானியங்கிக் கருவிகளும் இதில் தவறுகின்றன. மருந்தின் அளவைப் படிப்படியாக இரட்டிப்பாக்கிய திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன் முறையையே சர்வதேச அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. அதிலும் கோலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், எந்தத் தட்டைப் பயன்படுத்துகிறோம் என்பதுகூட முடிவை மாற்றும். எம்.சி.ஆர் கிருமிகள் 4 என்ற அளவில், எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் நிற்பவை. ஒரு படி பிசகினாலே எதிர்ப்புள்ள கிருமி அடங்கும் கிருமியாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

அமெரிக்காவின் ஆய்வகத் தர நிர்ணய அமைப்பு 2020இல் ஒரு முடிவெடுத்தது. கோலிஸ்டினுக்கு ‘நிச்சயம் அடங்கும்’ என்ற வகையையே நீக்கிவிட்டது. 2 மில்லிகிராமுக்குள் அடங்கினாலும் ‘இடைநிலை’ என்றுதான் இனி எழுத வேண்டும். எதிர்ப்பு இல்லாத கிருமியிடம்கூட இந்த மருந்தின் வெற்றி உறுதியில்லை என்பதே அதன் பொருள். செஃப்டாசிடிம்-அவிபாக்டம், செஃபிடெரோகால் போன்ற புதிய மருந்துகள் கிடைக்கும் இடங்களில் கோலிஸ்டினைத் தவிர்க்கும்படி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் அவிபாக்டம் என்.டி.எம் நொதியைத் தடுக்காது. அதோடு அஸ்ட்ரியோனம் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. செலவும் பல மடங்கு. அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிக்குக் கோலிஸ்டின் இன்னும் பல நேரங்களில் கடைசி வழியாகவே இருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை, வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும் எடுக்க வேண்டிய ‘இருப்பு’ மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

கோழி வளர்ப்பவர்கள் தீவனப் பையிலும் மருந்துப் புட்டியிலும் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும். கோலிஸ்டின் என்ற பெயர் இருந்தால் அது சட்டவிரோதம். வாங்காதீர்கள், விற்பவரைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் கொடுங்கள். வீட்டில் பச்சைக் கறி வெட்டிய கத்தியிலும் பலகையிலும் அப்படியே வெங்காயமோ வெள்ளரியோ நறுக்காதீர்கள். நன்றாக வேகவைத்தால் பிளாஸ்மிட் சுமக்கும் கிருமியும் செத்துவிடும். ஆபத்து வேகாத கறியைத் தொட்ட கையிலும் பலகையிலும்தான். உறவினர் ஐ.சி.யூ.வில் இருந்தால் மருத்துவரிடம் மரியாதையோடு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சர் அனுப்பப்பட்டதா? கோலிஸ்டின் கொடுக்கிறார்கள் என்றால் தினமும் கிரியேட்டினின் பார்க்கிறார்களா?

அரசு செய்ய வேண்டியது இன்னும் பெரிது. சீனா தடை போட்டதோடு நிற்கவில்லை. தடைக்கு முன்பும் பின்பும் பன்றியையும் கோழியையும் மனிதரையும் சோதித்து எண்களை வெளியிட்டது. அதனால்தான் தடை பலித்தது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. நம் 2019 ஆணைக்கும் அதே அளவீடு வேண்டும். பண்ணைகளிலிருந்தும் இறைச்சிக் கடைகளிலிருந்தும் ஆண்டுதோறும் மாதிரி எடுத்து, எம்.சி.ஆர் எவ்வளவு என்று மாவட்ட வாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகங்களுக்குக் கோலிஸ்டினைச் சரியாகச் சோதிக்கும் வசதி வேண்டும். ஒரு நோயாளியின் உயிரைக் காக்க வேண்டிய மருந்தைக் கோழியின் எடைக்காகச் செலவழித்தது உலகம் செய்த பெருந்தவறு. அந்தத் தவறைத் திருத்த முடியும் என்பதற்குச் சான்று நம் கண்முன் இருக்கிறது. அதைச் செய்யாமல் விடுவதற்கு இனி நமக்கு எந்தச் சாக்கும் இல்லை.